நாலரை மணிக்குத் திறக்கும் கடை

2025 ஆகஸ்ட் கடைசி வாரம். வேலூரில் நான் வைத்திருக்கும் டி.டி.பி. கடைக்கு ஒரு பிரெட் மாஸ்டரும் அவருடைய மகளும் வந்தார்கள். இருபத்திரண்டு வருடம் வேறொருவர் பேக்கரியில் இரவு வேலை பார்த்தவர். இப்போது தோட்டப்பாளையத்தில் சொந்தமாகக் கடை போடுகிறார். திறப்பு விழா அழைப்பிதழ் 300 அடிக்க வேண்டும் என்றார். அது ஐந்து நிமிட வேலை. அப்புறம் மகள் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தாள். "இது பேப்பர்காரங்களுக்கு அங்கிள். செய்தி போடுவாங்களாமே?"

டி.டி.பி. கடைக்கு முன்பு நான் ஒரு நாளிதழில் பதினோரு வருடம் உள்ளூர்ப் பக்கம் பார்த்தவன். தினமும் இப்படிப்பட்ட தாள்கள் ஐம்பது அறுபது வரும். அதில் முக்கால்வாசியைப் படிக்காமலேயே ஒதுக்கியிருக்கிறேன். அந்தப் பாவத்துக்குப் பரிகாரம் என்று நினைத்துக்கொண்டு தாளை வாங்கினேன்.

முழுப்பக்கம் எழுதியிருந்தாள். முதல் வரி இது: "வேலூர் மாநகரின் இதயப் பகுதியில், உலகத்தரம் வாய்ந்த சுவையுடன், நவீன இயந்திரங்களால் சுகாதாரமான முறையில் தயாரிக்கப்பட்ட பேக்கரி வகைகளுடன் பிரம்மாண்டமாக உதயமாகிறது..." கடையின் பெயர் மூன்று முறை வந்தது, மூன்று முறையும் கொட்டை எழுத்தில். கடைசியில் "முதல் மூன்று நாட்களுக்கு 10 சதவீதம் தள்ளுபடி. அனைவரும் வருக, ஆதரவு தருக."

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் இது அழைப்பிதழ்தான், செய்திக்குறிப்பு இல்லை. அழைப்பிதழ் வாடிக்கையாளரிடம் "வாங்க" என்று பேசும். செய்திக்குறிப்பைப் படிக்கிற முதல் ஆள் நிருபர். அவர் அந்தத் தாளிலிருந்து நான்கு வரியை எடுத்து, தன் செய்தியாக ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். "வருக வருக" என்பதை எந்த நிருபராலும் தன் வார்த்தையாக அனுப்ப முடியாது. "உலகத்தரம்" என்று எழுதினால் எந்த உலகம் என்று ஆபீசில் செய்தியைத் திருத்துகிற டெஸ்க்கில் கேட்பார்கள். தள்ளுபடி என்ற சொல் கண்ணில் பட்டால் கேள்வியே கிடையாது, விளம்பரப் பிரிவின் போன் நம்பரைக் கொடுத்துவிடுவார்கள். விலையை ஒருமுறை சொல்வது தகவல். தள்ளுபடியைச் சொல்வது விளம்பரம். அந்தக் கோடு டெஸ்க்கில் இருப்பவனுக்கு நன்றாகத் தெரியும்.

சரி, செய்தி என்ன? மாஸ்டரிடம் கேட்டேன். மற்ற கடைக்கும் உங்கள் கடைக்கும் என்ன வித்தியாசம்?

"தரம் சார். சுத்தம். நாம போடறது எல்லாம் ஃப்ரெஷ்ஷு."

எல்லாக் கடைக்காரரும் சொல்வது இதுதான். நானும் தலையாட்டிவிட்டு, அழைப்பிதழில் போடுவதற்காக வேறு விஷயத்துக்குப் போனேன். கடை நேரம் என்ன போடலாம்?

"நாலரைக்குத் தொறப்போம்."

"சாயந்திரம் மட்டுமா?"

"காலைல சார்."

கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். காலை நாலரைக்கு யார் வந்து பன் வாங்குவார்கள்?

அவருக்கு இது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. சாதாரணமாகச் சொன்னார். தோட்டப்பாளையம், காந்தி ரோடு பக்கம் லாட்ஜ் லாட்ஜாக வெளியூர்க்காரர்கள் தங்கியிருப்பது வேலூர்க்காரர்களுக்குத் தெரியும். சி.எம்.சி.க்கு வைத்தியம் பார்க்க வங்காளத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் இருப்பவர்கள். அங்கே கடைப் பலகைகளிலேயே வங்காள எழுத்து இருக்கும். அவர்கள் ஐந்து மணிக்கெல்லாம் ஃபைலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சில ரத்தப் பரிசோதனைகளுக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டும். ரத்தம் கொடுத்த உடனே சாப்பிட, கூடப் போகிறவர் கையில் ஒரு பிரெட் இருக்கும்.

"நான் வேலை செஞ்ச கடைல நாலு மணிக்கு பிரெட்டை அடுப்புலேர்ந்து இறக்குவோம் சார். வாசனைக்கே வந்து பாதி ஷட்டரைத் தட்டுவாங்க. பிரெட்டைத்தான் 'பாவ்ருட்டி, பாவ்ருட்டி'ம்பாங்க. கடை தொறக்கறது ஆறரைக்கு. நான் வேலைக்காரன், விக்க முடியாது. இல்லன்னு கை காட்டி அனுப்புவேன். இருபது வருசமா கை காட்டிட்டேன்."

இன்னொன்றும் சொன்னார். கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 400 கிராம் பிரெட். லாட்ஜ் அறையில் இருப்பது நோயாளியும் துணைக்கு ஒருவரும். நம் ஊர் வெயிலில், ஃப்ரிட்ஜ் இல்லாத அறையில், மிச்சம் இருக்கும் பாதி மூன்றாம் நாள் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் 200 கிராமில் சின்ன பிரெட் போடப்போகிறார். அதற்கென்று அச்சு தனியாகச் செய்து வாங்கியிருக்கிறார். 230 கிராம் மாவை உருட்டி அச்சில் வைத்தால், அடுப்பில் ஈரம் போய் வெளியே வரும்போது 200 சொச்சம் நிற்குமாம். ஒரு மூட்டை மைதாவுக்கு, அதாவது 50 கிலோவுக்கு, சுமார் 350 பிரெட். ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு ஒரு மூட்டை என்று கணக்கு.

இவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் "உலகத்தரம்" என்று எழுதிக் கொண்டுவந்திருக்கிறார்கள். மகளைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் தினமும் நடப்பது யாருக்கும் செய்தியாகத் தெரியாது.

முதல் வாக்கியத்தை நான் இரண்டு விதமாக அடித்துக் காட்டினேன். ஒன்று: "வேலூர் தோட்டப்பாளையத்தில் புதிய பேக்கரி செப்டம்பர் 4-ஆம் தேதி திறக்கப்படுகிறது." இதில் தவறே இல்லை. ஆனால் அந்த ஆவணி மாதத்தில் வேலூரில் திறக்கிற செல்போன் கடை, ஜவுளிக்கடை, ஜூஸ் கடை எல்லாவற்றுக்கும் இதே வாக்கியம் பொருந்தும். ஆடி முடியட்டும் என்று காத்திருந்தவர்கள் எல்லோரும் அந்த மாதத்தில்தான் ரிப்பன் வெட்டுவார்கள். இன்னொன்று நேரத்தை முன்னே வைத்தது. அதைக் கீழே முழுதாகத் தருகிறேன்.

நடுவில் மகளோடு ஒரு சின்ன வழக்கு. அவள் எழுதியதில் இருந்த மூன்று சொற்றொடர்களை அடித்துவிட்டேன் என்று அவளுக்கு வருத்தம்.

முதலாவது, "பொட்டாசியம் புரோமேட் சேர்க்காத பிரெட்". மாவு உப்பி வரப் போட்டுக்கொண்டிருந்த பொருள் அது. 2016-இலேயே இந்தியாவில் தடை செய்தாகிவிட்டது. சட்டப்படி யாருமே போடக்கூடாததை நான் போடவில்லை என்று பெருமை பேசினால், விவரம் தெரிந்த நிருபர் சிரிப்பார். விவரம் தெரியாதவர் "அப்படியானால் மற்ற கடைகளில் போடுகிறார்களா?" என்று கேட்பார். இரண்டுமே நமக்கு வேண்டாம்.

இரண்டாவது, "சுகர் ஃப்ரீ ரஸ்க்". மாஸ்டரைப் பார்த்தேன். "ரஸ்க்குக்குத் தனியா சர்க்கரை போடல சார். ஈஸ்ட் எழும்பறதுக்கு ஒரு கை போடுவோம்" என்றார். உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி, 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் சுகர் ஃப்ரீ என்று சொல்லக்கூடாது. அதுவும் ஆஸ்பத்திரி வாசலில் விற்கிற பொருள். சர்க்கரை நோயாளி ஒருவர் அந்தச் சொல்லை நம்பி அரை பாக்கெட் ரஸ்க் தின்றால்? மைதா வயிற்றுக்குள் போனபிறகு என்ன ஆகும் என்று அவரிடம் யார் சொல்வது?

மூன்றாவதுதான் நுட்பமானது. "சி.எம்.சி. நோயாளிகளுக்கான சிறப்பு பிரெட்" என்று இருந்தது. மருத்துவமனையே இந்த பிரெட்டைச் சொல்லி அனுப்பியதுபோல் அது ஒலிக்கிறது. "சி.எம்.சி. அருகே" என்றால் அது இடம். "சி.எம்.சி.க்கான" என்றால் உறவு. இல்லாத உறவை எழுதக்கூடாது. நிருபர் அவசரத்தில் அதை அப்படியே போட்டால், மறுநாள் மறுப்புச் செய்தி கேட்டு போன் வரும். அதற்குப் பிறகு அந்த நிருபர் மாஸ்டர் நம்பரைப் பார்த்தாலே எடுக்க மாட்டார்.

"வேலூரிலேயே முதல்முறையாக" என்பதை அவளே அடித்துவிட்டாள். கற்றுக்கொண்டாள்.

கடைசியில் வந்தது இது. கடைப் பெயரையும் ஆட்களையும் இங்கே எடுத்துவிட்டேன்.

"செய்திக்குறிப்பு. வேலூர், செப்டம்பர் 2, 2025.

தோட்டப்பாளையத்தில் காலை 4.30 மணிக்குத் திறக்கும் பேக்கரி: வெளியூர் நோயாளிகளுக்காக 200 கிராம் பிரெட்.

சிகிச்சைக்காக வேலூர் வந்து விடுதிகளில் தங்கியிருப்பவர்கள் விடியற்காலையில் வாங்கிச் செல்ல வசதியாக, காலை 4.30 மணிக்கே திறக்கும் பேக்கரி தோட்டப்பாளையத்தில் செப்டம்பர் 4-ஆம் தேதி, வியாழக்கிழமை தொடங்குகிறது.

வழக்கமான 400 கிராம் பிரெட்டுடன், இருவருக்குப் போதுமான 200 கிராம் பிரெட்டும் இங்கு 20 ரூபாய்க்கு விற்கப்படும். தினமும் சுமார் 350 சிறிய பிரெட் தயாரிக்கத் திட்டமிட்டுள்ளனர்.

வேலூர் பேக்கரி ஒன்றில் 22 ஆண்டுகள் பணியாற்றிய மாஸ்டர் இந்தக் கடையைத் தொடங்குகிறார். 'நாலு மணிக்கு ஷட்டரைத் தட்டிக் கேட்பார்கள். கடை திறக்கவில்லை என்று சொல்லி அனுப்புவேன். அவர்களுக்காகத்தான் இந்த நேரம்' என்றார் அவர்.

முதல் பிரெட்டை அவருடைய தாயார் வழங்குகிறார். பன், பப்ஸ், தேங்காய் பிஸ்கட், கேக் வகைகளும் கிடைக்கும்."

அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, "நிருபர்கள் கவனத்திற்கு" என்று தலைப்பிட்டு, கடையின் முழு முகவரி, எந்த லாட்ஜுக்கு எதிரே என்ற அடையாளம், உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண், மகளின் செல் நம்பர். இதெல்லாம் அச்சில் வராது. நிருபர் சரிபார்ப்பதற்கு. மாஸ்டர் நம்பரைப் போடவில்லை. ராத்திரி பதினொன்றுக்கு மாவு பிசைய ஆரம்பிக்கிற மனிதர் பகல் பன்னிரண்டுக்குத் தூங்கிக்கொண்டிருப்பார். நிருபர்கள் போன் செய்வது அந்த நேரத்தில்தான். மூன்று ரிங்கில் எடுக்கவில்லை என்றால் அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள்.

மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "இன்னா சார், மேல கடை பேரே காணோம்?"

பெயர் மூன்றாவது பத்தியில் ஒருமுறை வருகிறது என்று காட்டினேன். உள்ளூர்ப் பக்கத்தில் இடம் குறைந்தால் கீழிருந்துதான் வெட்டுவார்கள். அதனால் ஒவ்வொரு பத்தியாகக் கையால் மறைத்துக் காட்டினேன். கேக், பப்ஸ் போனால் போகட்டும். அம்மா போனாலும் செய்தி நிற்கும். மாஸ்டர் சொன்னது போனாலும் நேரமும் விலையும் நிற்கும். கடைசியில் முதல் பத்தி மட்டும் மிஞ்சினாலும் எங்கே, எப்போது, எதற்கு என்று இருக்கிறது. கடையின் பெயரையே வெட்டிவிடுகிற பத்திரிகைகளும் உண்டு. ஓசி விளம்பரம் ஆகிவிடும் என்ற பயம். அப்போதும் தோட்டப்பாளையம், காலை 4.30 என்பது இருந்தால் ஆட்கள் தேடி வந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் வேறு எந்தக் கடையில் விளக்கு எரியப்போகிறது?

தேதி விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. "நாளை மறுநாள்" என்று எழுதவே கூடாது. செவ்வாய்க்கிழமை நாம் எழுதியது புதன்கிழமை அச்சானால், நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை ஆகிவிடும். தேதியும் கிழமையும் சேர்ந்து இருந்தால் ஒன்று தப்பானாலும் இன்னொன்று காட்டிக்கொடுக்கும். அதேபோல், நடக்காததை நடந்ததாக எழுதி முன்கூட்டியே அனுப்புகிற பழக்கம் நம் ஊரில் உண்டு. "குத்துவிளக்கேற்றித் தொடங்கி வைத்தார்" என்று பிரமுகர் பெயரோடு காலையிலேயே அனுப்பிவிடுவார்கள். பிரமுகர் வரவே மாட்டார். மறுநாள் பேப்பரில் மட்டும் குத்துவிளக்கு எரியும். டெஸ்க்கில் இருந்தபோது இப்படி ஒன்று என் கையாலேயே போய், ஒரு வாரம் திட்டு வாங்கினேன். மாஸ்டருக்குப் பிரமுகர் யாரும் இல்லை. அவருடைய அம்மாதான். அது நல்லதாகப் போயிற்று.

அனுப்புகிற விதமும் ஒரு வேலைதான். மகள் செய்திக்குறிப்பை அழகான பார்டர் போட்டுப் படமாக்கி வைத்திருந்தாள். படத்திலிருந்து நிருபர் எழுத்தைச் சுலபமாக நகலெடுக்க முடியாது. உட்கார்ந்து திரும்ப அடிக்க வேண்டும். யார் அடிப்பார்கள்? யூனிகோடில், வாட்ஸ்அப் செய்தியாகவே, பார்டர் இல்லாமல் அனுப்பச் சொன்னேன். எங்கள் கடையில் அழைப்பிதழ் அடிக்கிற பழைய எழுத்துருவில் அனுப்பினால், அந்தப் பக்கம் திறக்கும்போது தமிழே இருக்காது, ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து கிடக்கும். போட்டோவை மட்டும் வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்ப வேண்டும், அப்போதுதான் சுருங்காது. எந்தப் போட்டோ? கடை முன்னால் குடும்பம் வரிசையாக நிற்பது வேண்டாம் என்றேன். பெரிய பிரெட்டையும் சின்ன பிரெட்டையும் மாஸ்டர் இரண்டு கையில் ஏந்தி நிற்கிற மாதிரி ஒன்று எடுத்தோம். அளவு வித்தியாசம் பார்த்தவுடன் தெரிந்தது.

கிளம்பும்போது மாஸ்டர் குரலைத் தாழ்த்தி, "கவர் எவ்ளோ வைக்கணும் சார்?" என்றார். ஒன்றும் வைக்க வேண்டாம், யாராவது நேரில் வந்தால் டீயும் ஒரு தேங்காய் பன்னும் கொடுங்கள் என்றேன். அவர் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஏழு நிருபர்களுக்கு அனுப்பினோம். நாலு மணிக்கு மேல் அனுப்பினால் அன்றைய பக்கம் கிட்டத்தட்ட முடிந்திருக்கும். நான்கு பேரிடமிருந்து பதிலே இல்லை. ஒருவர் விளம்பரப் பிரிவைப் பார்க்கச் சொன்னார். ஒருவர் கட்டைவிரல் போட்டார். ஒருவர் மட்டும் மகளுக்குப் போன் செய்து கேட்டது ஒரே கேள்வி: "காலைலயா, சாயந்திரமா? தப்பா அடிச்சிட்டீங்களா?"

புதன்கிழமை ஒரு பேப்பரில் நான்கு வரி வந்தது. தோட்டப்பாளையம் இருந்தது, 4.30 இருந்தது, 200 கிராம் இருந்தது. கடைப் பெயர் இல்லை. மாஸ்டர் போனில் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

வியாழக்கிழமை விடியற்காலை கடை திறந்தது. அம்மா முதல் பிரெட்டைக் கொடுத்தது ஒரு அசாம் தம்பதிக்கு. நல்ல போட்டோ. அதை அனுப்பினோம், எந்தப் பேப்பரிலும் வரவில்லை. வராததற்குக் காரணம் இருந்தது. முந்தின நாள் ராத்திரிதான் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டம் முடிந்து, வரிக் குறைப்புகளை அறிவித்திருந்தார்கள். எல்லாப் பக்கமும் அதுதான். நான் கையை விரித்துவிட்டேன்.

அன்று மதியம் மகளுக்கு ஒரு போன். செவ்வாய்க்கிழமை பதில் போடாத நான்கு பேரில் ஒருவர். கேக், பிஸ்கட் வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகிறது, பேக்கரிக்காரர் ஒருவரின் கருத்து அவசரமாக வேண்டும், உங்கள் நம்பர் என் போனில் இருந்தது என்றார். மகள் ஓடிப்போய் அப்பாவை எழுப்பியிருக்கிறாள்.

தூக்கக் கலக்கத்தில் அவர் சொன்னது இது: "பிரெட்டுக்கு எப்பவுமே வரி கிடையாது சார். கேக்கு பிஸ்கட்டுக்குத்தான். கொறஞ்சா நல்லதுதான். ஆனா 22-ஆம் தேதிலேர்ந்துதானே? ஜனங்க இன்னைக்கே வந்து கொறச்சிக் குடுன்னு நிப்பாங்க, அதையும் போடுங்க."

போட்டார்கள். வெள்ளிக்கிழமை, பெயரோடு, கடைப் பெயரோடு, இரண்டு கையிலும் பிரெட் ஏந்திய அந்தப் போட்டோவோடு.

போன வாரம் கடைக்குப் போயிருந்தேன். பன் தட்டுக்கு மேலே கண்ணாடியில் இரண்டு கட்டிங்கையும் ஒட்டியிருக்கிறார். பெயர் வராத அந்த நான்கு வரிதான் மேலே இருக்கிறது. ஆனால் நாலரை மணிக்கு வருகிறவர்களில் பலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. வங்காள எழுத்தில் "பாவ்ருட்டி" என்று பெரிதாக ஒரு போர்டு அடித்துத் தரச் சொல்லியிருக்கிறார். என் கம்ப்யூட்டரில் அதற்கு ஏற்ற எழுத்துரு இல்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.